வாட்டர் பியூரிஃபயரை இரண்டு பேர் பேசியே விற்பது எப்படி: ஒரு நிமிட உரையாடல் எழுத முழுமையான வழிகாட்டி

வாட்டர் பியூரிஃபயர் விற்கும் ஒருவர் ஒரு நிமிட விளம்பரம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் இப்படி இருந்தது:

"இன்றைய சூழலில் நாம் பருகும் நீர் பெரிதும் மாசடைந்துள்ளது. உங்கள் அன்புக் குடும்பத்தின் ஆரோக்கியத்தைக் காக்க, ஏழு அடுக்குச் சுத்திகரிப்புத் தொழில்நுட்பத்துடன் வந்துவிட்டது..."

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் "இன்றைய சூழலில்" என்ற சொல் காதில் விழுந்ததுமே கேட்பவருக்கு இது விளம்பரம் என்று தெரிந்துவிடும், அதற்குப் பிறகு வரும் ஒரு வரியும் உள்ளே போகாது. அவருக்கே அது தெரிந்திருந்தது. "ரெண்டு பேர் பேசுற மாதிரி மாத்திடுங்க" என்றார். நானும் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தேன்:

தம்பி: அக்கா, இது என்ன புது வாட்டர் பியூரிஃபயரா?
அக்கா: ஆமாம் தம்பி. இது ஏழு அடுக்குச் சுத்திகரிப்புடன் கூடிய ஆர்ஓ பியூரிஃபயர். நீரில் கரைந்துள்ள உப்புகளை நீக்கி, கிருமிகளையும் அழிக்கிறது.
தம்பி: அப்படியா! மிகவும் அருமை. நானும் இன்றே வாங்குகிறேன்!

எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. அதே தாள்தான், நடுநடுவே வெட்டி இரண்டு வாயில் பிரித்துப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். தம்பி என்று ஓர் ஆளே அங்கே இல்லை. அவன் சொல்லும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு "ம்" என்று மட்டும் போட்டுப் பாருங்கள், அக்கா ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. இதை நான் "ம்" சோதனை என்று சொல்வேன். உரையாடல் என்று எழுதி வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை இதில்தான் விழும்.

இந்த மூன்று வரியை நிஜமான பேச்சாக மாற்றியது எப்படி என்பதை, நடுவில் நான் செய்த தவறுகளையும் சேர்த்து, ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: பேனாவை எடுக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

வாட்டர் பியூரிஃபயர் என்று பொதுவாக ஒரு பொருள் கிடையாது. ஆர்ஓ என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைப் பெருமளவு குறைக்கும். யுவி என்பது விளக்கு, அதன் கதிர் கிருமிகளைச் செயலிழக்க வைக்கும், உப்பை ஒன்றும் செய்யாது. யுஎஃப் என்பது மிக நுண்ணிய துளைகள் உள்ள வடிகட்டி, கலங்கலையும் பாக்டீரியாவையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் உப்பு அதன் வழியாகவும் போய்விடும். கடைகளில் இருக்கும் பெட்டிகள் பெரும்பாலும் இவற்றின் கலவை.

இதை எழுதுகிறவர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், உரையாடலில் வரும் இருவருக்கும் ஒரு குறிப்பிட்ட தொல்லை இருக்க வேண்டும், அந்தத் தொல்லையைத் தீர்க்கும் பெட்டியாக அது இருக்க வேண்டும். போர் தண்ணீரின் உப்புக்கரிப்பைப் பற்றி இருவரும் புலம்பிவிட்டு, கடைசியில் காட்டுவது யுவி மட்டும் உள்ள பெட்டியாக இருந்தால் அந்த விளம்பரம் பொய். வாங்கியவர் முதல் டம்ளரிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதேபோல, உப்பு ஏற்கெனவே குறைவாக இருக்கும் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டுக்கு ஆர்ஓவைத் தள்ளுவதும் வேண்டாத வேலை.

அதனால் விற்கிறவரிடம் நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்தான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது? வாங்க வருகிறவர்கள் என்ன சொல்லிக்கொண்டு வருகிறார்கள்? இவருடையது ஆர்ஓவும் யுவியும் சேர்ந்த பெட்டி. வருகிறவர்களில் நிறையப் பேர் போர் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள், "பாத்திரமெல்லாம் வெள்ளை வெள்ளையா படியுது" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்களாம். எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. ஏழு அடுக்கு என்று சொல்லிக்கொண்டு ஒருவர்கூட வந்ததில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார்.

படி 2: கையில் எடுக்கக்கூடிய ஒரு சாட்சி

"தண்ணீர் மாசடைந்துள்ளது" என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. கெட்டிலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளை உப்பைப் பார்க்கலாம், நகத்தால் சுரண்டலாம். கடினமான தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது அதில் கரைந்திருக்கும் கால்சியத்தின் ஒரு பகுதி சுண்ணாம்பாகப் பிரிந்து அடியில் ஒட்டிக்கொள்கிறது, அதுதான் அந்த வெள்ளை. அடுப்படியில் நிற்கிற யாருக்கும் விளக்கம் தேவையில்லாத பொருள்.

சாட்சி ஒன்றே ஒன்று இருந்தால் போதும். கெட்டில், குழாய் வாயில் படியும் கறை, சோப்பு நுரைக்காதது என்று மூன்றையும் அடுக்கினால் அது மறுபடி பட்டியலாகிவிடும். பட்டியல் வந்தாலே பின்னால் ஒரு விளம்பரக் குரல் கேட்க ஆரம்பித்துவிடும்.

ஒரு சாட்சியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்து விற்கிற சிலர் இரும்புக் கம்பிகள் உள்ள ஒரு சின்னக் கருவியை டம்ளரில் விட்டு மின்சாரம் கொடுப்பார்கள், சாதாரணத் தண்ணீர் பழுப்பாகி அழுக்கு மிதக்கும், ஆர்ஓ தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பார்க்கிறவருக்குத் தூக்கிவாரிப் போடும். உண்மையில் அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து கரைந்து வரும் இரும்பு. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும், அதனால் கம்பி கரைகிறது. ஆர்ஓ தண்ணீரில் சரியாகப் பாயாது, அதனால் ஒன்றும் நடக்காது. இவரும் "அந்த சீனை வைக்கலாமே" என்று கேட்டார். வைக்கவில்லை. விஷயம் தெரிந்த ஒருவர் கீழே ஒரு பின்னூட்டம் போட்டால் மொத்த விளம்பரமும் கேலிக்கூத்தாகிவிடும். அது ஒரு பக்கம் இருக்க, அது ஏமாற்றும்கூட.

படி 3: இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வேலை கொடுங்கள்

என் முதல் முயற்சி செத்துப்போனதற்குக் காரணம், இருவரும் பியூரிஃபயரைப் பற்றிப் பேசுவதற்காகவே அங்கே நின்றார்கள். வீட்டில் யாரும் அப்படி நிற்பதில்லை. ஒருவர் ஏதோ ஒரு வேலையில் இருப்பார், இன்னொருவர் வேறு எதையோ கேட்பார், நடுவில் அந்தப் பெட்டி வந்து விழும்.

அதனால் பெட்டியை மறந்துவிட்டு, இந்த நிமிடத்தில் அக்காவுக்கு என்ன வேண்டும் என்று யோசித்தேன். ஆர்ஓவில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் பிடிக்கும்போது, வீட்டுப் பெட்டிகளில் சாதாரணமாக இரண்டு மூன்று லிட்டர் உப்பு கூடிய தண்ணீர் கழிவாக வெளியே வரும். அதைப் பக்கெட்டில் பிடித்தால் அந்தப் பக்கெட்டை யாராவது தூக்க வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அதைத் தூக்க ஓர் ஆள். தம்பிக்கு? அவனுக்கு அக்கா சொல்வதை எளிதில் ஒப்புக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். தம்பிகள் அப்படித்தானே.

இப்போது பெட்டியை எடுத்துவிட்டாலும் அங்கே ஒரு சின்ன இழுபறி மிச்சம் இருக்கிறது, பக்கெட்டை யார் தூக்குவது என்று. அந்த இழுபறிதான் கேட்பவரைக் கடைசிவரை உட்கார வைக்கும்.

உறவைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். டாக்டரும் நோயாளியும், கடைக்காரரும் வாடிக்கையாளரும் என்று வைத்தால் ஒருவர் வாத்தியார், இன்னொருவர் மாணவன் ஆகிவிடுவார், பேச்சு பாடமாகிவிடும். ஒருவரையொருவர் கிண்டல் செய்யவும் மறுத்துப் பேசவும் உரிமை உள்ள உறவு நல்லது. மாமியாரும் மருமகளும் என்று வைக்கலாமே என்று தோன்றும், ஆனால் கேட்பவர் உடனே ஒரு சண்டைக்குக் காத்திருப்பார், பெட்டி காணாமல் போகும்.

படி 4: ஒரு மூச்சில் எழுதுங்கள், நடுவிலிருந்து ஆரம்பியுங்கள்

"வா தம்பி, எப்படி இருக்க" என்று தொடங்கினால் பத்து நொடி வீண். தம்பி ஏற்கெனவே வந்தாகிவிட்டது, கையில் கெட்டில் இருக்கிறது. நான் எழுதியது இது:

தம்பி: கெட்டில் புதுசாக்கா?
அக்கா: எங்கடா புதுசு. ரெண்டு வருஷம் ஆச்சு.
தம்பி: சும்மா சொல்லாத. எங்க வீட்டுல அடியில வெள்ளையா ஒட்டிக் கிடக்கு.
அக்கா: இதுலயும்தான் கிடந்துச்சு. தேய்ச்சு எடுத்தேன். இப்ப ஃபில்டர் தண்ணி ஊத்துறேன், படியவே இல்ல.
தம்பி: நாங்கதான் கொதிக்க வச்சுக் குடிக்கிறோமே.
அக்கா: கொதிக்க வச்சா கிருமி சாகும். உப்பு எங்கடா போகும்? கொஞ்சம் கெட்டில்ல, மிச்சம் உன் வயித்துல.
தம்பி: (குடிக்கிறான்) ம்... கரிப்பே இல்ல.
அக்கா: அதெல்லாம் சரி. இந்த வேஸ்ட் தண்ணியோடதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கு. ஒரு குடம் பிடிச்சா ரெண்டு குடம் வெளிய போகுது.
தம்பி: அத என்ன பண்ற?
அக்கா: வீடு தொடைப்பேன், பாத்ரூமுக்கு ஊத்துவேன். நீதான் சும்மா நிக்கிறியே, அந்த பக்கெட்டத் தூக்கு.
தம்பி: என்ன கம்பெனிக்கா இது?
அக்கா: மேலயே எழுதியிருக்கு பாரு. மொதல்ல பக்கெட்டு.

இப்போது "ம்" சோதனை வைத்துப் பாருங்கள். "நாங்கதான் கொதிக்க வச்சுக் குடிக்கிறோமே" என்பதை எடுத்துவிட்டால் அக்காவின் அடுத்த வரி அந்தரத்தில் நிற்கும். தம்பி இல்லாமல் இந்தப் பேச்சு நடக்காது.

அந்த வரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பியூரிஃபயர் வாங்கத் தயங்குகிறவர் மனதில் ஓடும் முதல் கேள்வி அதுதான், கொதிக்க வைத்தால் போதாதா என்பது. வர்ணனையில் எழுதினால் "கொதிக்க வைப்பது மட்டும் போதுமானதல்ல" என்று கேட்பவரைத் திருத்துவதுபோல் ஆகும், யாருக்கும் அது பிடிக்காது. இங்கே திருத்தப்படுவது தம்பி. கேட்பவர் ஓரமாக நின்று பார்க்கிறார், தன் சந்தேகத்தைத் தன் சார்பில் இன்னொருவன் கேட்டுவிட்டான். தயக்கத்தை ஒரு ஆளின் வாயில் வைப்பதற்குத்தான் உரையாடல் என்ற வடிவமே தேவைப்படுகிறது. உங்கள் பொருளுக்கு இப்படி ஒரு தயக்கம் அகப்படவில்லை என்றால் பேசாமல் வர்ணனையாகவே எழுதிவிடலாம்.

படி 5: குறையை அக்காவே சொல்லட்டும்

வேஸ்ட் தண்ணீர் வரியைப் படித்ததும் விற்கிறவர் முகம் மாறிவிட்டது. "நம்ம பொருளோட குறைய நாமளே சொல்லணுமா?" என்றார். நியாயமான கேள்விதான்.

முதல் காரணம், பெட்டியைச் சுவரில் மாட்டிய அன்றே அந்தக் கழிவுக் குழாயை வாங்கியவர் பார்க்கத்தான் போகிறார். முன்னாலேயே தெரிந்தால் பக்கெட் வைத்துக்கொள்வார், பின்னால் தெரிந்தால் போன் போட்டுத் திட்டுவார். இரண்டாவது, குறை சொல்லாத அக்கா அக்காவே இல்லை. வீட்டில் ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர் அதைப் புகழ்ந்துகொண்டே இருக்க மாட்டார், புலம்புவார். அவர் புலம்பும்போதுதான் அதற்கு முன் அவர் சொன்ன கெட்டில் விஷயத்தையும் கேட்பவர் நம்புகிறார்.

ஆனால் எந்தக் குறை என்பதில் அளவு உண்டு. கூடவே வாழ முடிகிற குறையாக, அதைச் சமாளிக்கும் வழியும் அதே பேச்சில் வருவதாக இருக்க வேண்டும். இங்கே வீடு துடைக்கிறாள், பாத்ரூமுக்கு ஊற்றுகிறாள். "செடிக்கு ஊத்துவேன்" என்றுதான் நான் முதலில் எழுதியிருந்தேன். அப்புறம் எடுத்துவிட்டேன், ஏனென்றால் போர் தண்ணீரே உப்பாக இருக்கும்போது கழிவில் உப்பு இன்னும் கூடியிருக்கும், எல்லாச் செடியும் அதைத் தாங்காது. ஒருவர் கேட்டுவிட்டு ஊற்றி, செடி வாடினால் அது நம் தலையில்.

படி 6: ஒவ்வொரு வரியையும் சத்தியம் செய்வதுபோல் படியுங்கள்

பாத்திரம்தானே பேசுகிறது, விளம்பரம் பேசவில்லையே என்று தப்பிக்க முடியாது. அக்கா சொன்னாலும் அது விற்கிறவர் சொன்னதுதான். நான் எழுதியதில் இரண்டு வரி இந்தப் படியில் அடிபட்டது.

ஒன்று, "படியவே இல்ல." ஆர்ஓ உப்பை முழுக்க எடுப்பதில்லை, கொஞ்சம் இருக்கும். உள்ளே உப்பைத் தடுக்கும் மெம்பிரேன் என்ற சவ்வு பழசானால் இன்னும் கூடுதலாக வரும். மாதக்கணக்கில் பயன்படுத்தினால் கெட்டிலில் லேசாக ஒரு படலம் வரலாம். "இப்ப அவ்வளவா படியறதில்ல" என்று மாற்றினேன். வேடிக்கை என்னவென்றால், மாற்றிய பிறகுதான் அது நிஜமான ஆள் பேசுவதுபோல் இருந்தது. வீட்டில் யாரும் எதையும் நூறு சதவீதம் என்று சொல்வதில்லை, "அவ்வளவா", "ஓரளவு", "முன்ன மாதிரி இல்ல" என்றுதான் சொல்வார்கள். உண்மையும் இயல்பும் ஒரே பக்கம் சாய்ந்த இடம் இது.

இரண்டாவது, "மிச்சம் உன் வயித்துல." எல்லோரும் சிரித்த வரி, எனக்கும் பிடித்த வரி, வெட்ட மனசே வரவில்லை. ஆனால் அது சொல்லாமல் சொல்வது, அந்த உப்பு உடம்புக்குக் கெடுதல் என்பதை. தண்ணீரின் கடினத்தன்மைக்கோ மொத்தக் கரைந்த உப்புக்கோ, அதாவது டிடிஎஸ்ஸுக்கோ, உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி உடல்நலத்தை வைத்து ஓர் உச்சவரம்பு போடவில்லை, சுவையை வைத்துத்தான் பேசுகிறது: லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை பொதுவாக நன்றாக இருக்கும், 1,000க்கு மேல் போனால் குடிக்கவே பிடிக்காது. ஆகவே கரிப்பு என்று சொல்லலாம், கறை என்று சொல்லலாம், வயிற்றைக் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. "கொஞ்சம் கெட்டில்ல ஒட்டும், மிச்சம் தண்ணியிலயேதான் இருக்கும்" என்று மாறியது. சிரிப்பு போனது உண்மைதான்.

இதே காரணத்துக்காகத்தான் டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டு "ஐயோ, 800!" என்று அலறும் காட்சியையும் தவிர்க்கச் சொல்வேன். அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து உப்பைக் கணக்கிடுகிறது. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எண் குறைந்தால் தண்ணீர் பாதுகாப்பு என்று ஒரு பாத்திரம் சொன்னால் அது தவறான செய்தி.

படி 7: பேச்சு பேச்சாகவே இருக்கிறதா

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தப் படியில்தான் கை தடுமாறும். நாம் எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. கணினியில் உட்கார்ந்ததும் விரல் தானாக எழுத்துத் தமிழுக்குப் போய்விடும். "நீர்" என்று வந்திருந்தால் "தண்ணி" ஆக்குங்கள். "பியூரிஃபயர்" என்று வீட்டில் சொல்கிறவர்கள் குறைவு, ஃபில்டர் என்பார்கள், மெஷின் என்பார்கள், ஆர்ஓ என்பார்கள். "சுத்திகரிப்பு" என்ற சொல் எந்தச் சமையலறையிலும் கேட்காது.

இதைவிட நுணுக்கமானது விளிச்சொல். முதல் முயற்சியில் அக்கா "ஆமாம் தம்பி" என்று கூப்பிட்டாள். சொந்தத் தம்பியை வரிக்கு வரி "தம்பி" என்று யார் கூப்பிடுவார்கள்? "டா" போதும், அதுவும் இரண்டு மூன்று இடத்தில். தம்பி "புதுசாக்கா", "கம்பெனிக்கா இது" என்று ஒட்டிச் சொல்கிறான். வரிக்கு வரி விளித்துப் பேசுவது மேடை நாடகத்தில்தான் நடக்கும். மரியாதைப் பன்மையையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வரியில் "என்ன பண்ற", அடுத்ததில் "சொல்லுங்க" என்று வந்தால் உறவு உடைந்துவிடும்.

இதைச் சரிபார்க்க ஒரு வழி, இடது பக்கம் இருக்கும் பெயர்களை விரலால் மறைத்துவிட்டுப் படிப்பது. யார் பேசுவது என்று வரியைப் பார்த்தே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இருவரும் ஒரே ஆள், அதாவது நீங்கள்.

இன்னொன்று, எல்லா வரியும் முழு வாக்கியமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். "மொதல்ல பக்கெட்டு" என்பதில் வினையே இல்லை, ஆனால் ஒரு குறையும் இல்லை.

படி 8: பெயரை எங்கே வைப்பது

கம்பெனிப் பெயர் மூன்று முறை வர வேண்டும் என்று விற்கிறவர் கேட்பார், எல்லோரும் கேட்பார்கள். பேச்சில் அது ஒரு முறைதான் தாங்கும், அதுவும் ஒருவர் கேட்டு இன்னொருவர் சொல்லும்போது. "என்ன கம்பெனிக்கா இது?" என்பது யாரும் நிஜமாகக் கேட்கும் கேள்வி. பெயரைச் சொல்லாமல் அக்கா "மேலயே எழுதியிருக்கு பாரு" என்பதால், பார்க்கிறவரின் கண் தானாகப் பெட்டியின் மேல் இருக்கும் எழுத்துக்குப் போகும், கேமராவும் அங்கே போனால் போதும்.

வீடியோவுக்கு இது சரி. ஒலி மட்டும் என்றால் இந்த முடிவு வேலை செய்யாது, எழுதியிருப்பது யாருக்குத் தெரியும்? அப்போது தம்பி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டே பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும், ஒரே ஒரு முறை, மூச்சு வாங்க. விலை, வாரண்டி, சர்வீஸ், போன் எண் எதையும் இருவர் வாயிலும் வைக்காதீர்கள். அதற்குக் கீழே எழுத்து இருக்கிறது, இல்லையென்றால் கடைசி ஐந்து நொடிக்கு வேறொரு குரல் இருக்கிறது. ஃபில்டரை எப்போது மாற்ற வேண்டும், மெம்பிரேன் எத்தனை நாள் வரும் என்பதெல்லாம் வாங்குகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவைதான், ஆனால் அவை பேச்சில் வந்தால் அக்கா மறுபடி விற்பனைப் பிரதிநிதி ஆகிவிடுவாள்.

படி 9: நேரம் பார்த்து வெட்டுங்கள்

சொற்களை எண்ணுவது ஓரளவுக்குத்தான் உதவும். என் அனுபவத்தில், இடைவெளிகளோடு இயல்பாகப் பேசினால் அரை நிமிடத்துக்கு ஐம்பது சொல்லுக்குள்தான் அடங்கும். ஆனால் இதில் குடிப்பது, பக்கெட் நகர்வது என்று பேசாத நொடிகளும் இருக்கின்றன. அதனால் இரண்டு பேரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிப் போனில் நேரம் பாருங்கள். நீங்கள் ஒருவரே இரண்டு குரலிலும் படித்தால் அவசரமாகப் படித்துவிடுவீர்கள், கணக்குத் தப்பும்.

முழு உரையாடல் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அரை நிமிடத்துக்கும் ஒன்று கேட்டார்கள். வெட்டும்போது எல்லா வரியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குவது பெரிய தப்பு, ஒவ்வொன்றும் தந்தி மாதிரி ஆகிவிடும். ஒரு முழுத் துண்டையே எடுத்துவிட வேண்டும். குடித்துப் பார்த்து "கரிப்பே இல்ல" என்பதையும், "அத என்ன பண்ற" கேள்வியையும் எடுத்தேன். மிஞ்சியது இது:

தம்பி: கெட்டில் புதுசாக்கா?
அக்கா: எங்கடா புதுசு. ஃபில்டர் தண்ணி ஊத்துறேன், இப்ப அவ்வளவா உப்பு படியறதில்ல.
தம்பி: நாங்கதான் கொதிக்க வச்சுக் குடிக்கிறோமே.
அக்கா: கொதிக்க வச்சா கிருமி சாகும். உப்பு எங்கடா போகும்?
தம்பி: ...என்ன கம்பெனிக்கா இது?
அக்கா: மேலயே எழுதியிருக்கு. வேஸ்ட் தண்ணி ரொம்பிடுச்சு பாரு, அந்த பக்கெட்டத் தூக்கு மொதல்ல.

கழிவுத் தண்ணீர் ஒரே வரியாகச் சுருங்கினாலும் போகவில்லை. தம்பி ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டுத்தான் கம்பெனியைக் கேட்கிறான், அந்த மௌனத்தில்தான் அவன் மனசு மாறுகிறது. அதை எடிட்டிங்கில் வெட்டிவிடாதீர்கள்.

யுவி என்றால் கெட்டில் உதவாது

உங்கள் கையில் இருப்பது யுவி மட்டும் உள்ள பெட்டி என்றால் மேலே சொன்ன எதையும் அப்படியே எடுத்து வைக்க முடியாது. யுவி தண்ணீரின் நிறத்தையும் சுவையையும் கறையையும் மாற்றுவதில்லை, காட்டுவதற்குச் சாட்சியே இல்லை. கிருமியைக் காட்ட முடியாது, நோயைக் காட்டிப் பயமுறுத்துவதும் வேண்டாம். அங்கே சாட்சி, இல்லாமல் போன ஒரு வேலை: தினமும் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடித்து வைக்கும் வேலை. இல்லாத ஒன்றை எப்படிக் காட்டுவது? ஒரு நாள் திரும்ப வரவழைத்துத்தான்.

பேத்தி: என்ன பாட்டி, பழையபடி தண்ணி கொதிக்க வச்சுட்டு நிக்கிற? அதான் மெஷின் இருக்கே.
பாட்டி: கரண்ட் இல்லடி.
பேத்தி: தள்ளு, நான் பாத்துக்கறேன்.
பாட்டி: இத்தன நாள் இந்த வேலை இல்லாம இருந்திருக்கேன் பாரு. இப்பதான் தெரியுது.

கரண்ட் இல்லாவிட்டால் யுவி விளக்கு எரியாது என்ற குறையே இங்கே கதையாகிவிட்டது. கலங்கலான தண்ணீர் வரும் வீட்டுக்கு இதைப் போடாதீர்கள், கலங்கல் இருந்தால் கதிர் உள்ளே சரியாகப் போகாது, முன்னால் வடிகட்டி வேண்டும்.

பதிவுக்கு முன்னால் ஒரு கடைசிச் சோதனை

விளம்பரத்தைச் சம்பந்தமில்லாத ஒருவருக்கு ஒருமுறை மட்டும் போட்டுக் காட்டிவிட்டு, மறுநாள் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். "நன்றாக இருந்தது" என்றால் அது பதிலே இல்லை. நான் கேட்ட ஒருவர் "ஒரு அக்கா தம்பியை வேலை வாங்குவாங்களே, பக்கெட்டு" என்றார். எதற்கான விளம்பரம் என்றேன், கொஞ்சம் யோசித்துவிட்டு "பக்கெட்டா?" என்றார். நகைச்சுவை பொருளைத் தின்றுவிட்டால் இப்படித்தான் ஆகும். கெட்டிலைத் தம்பி கையில் வைத்துக்கொண்டே கடைசிவரை பேசும்படி மாற்றினோம், பக்கெட்டைத் தூக்கும் முன் கெட்டிலைப் பெட்டிக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறான். அதன் பிறகு வேறொருவரிடம் கேட்டபோது கெட்டிலும் உப்பும் ஞாபகம் இருந்தன.

பதிவு செய்யும் அன்று பக்கெட்டில் உண்மையிலேயே முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி வையுங்கள். காலிப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கனமாக இருப்பதுபோல் நடித்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் தம்பி முதல் தடவை தண்ணீரைக் கொஞ்சம் தரையில் சிந்திவிட்டான், அக்காவாக நடித்தவர் தாளில் இல்லாத ஒரு "டேய்!" போட்டார். அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.